'சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க!' - யாருடைய சாயங்காலம்?

"இன்னிக்குள்ள முடிச்சுக் கொடுத்துடுங்க."

"ஏ.எஸ்.ஏ.பி ப்ளீஸ்!"

"வெள்ளிக்கிழமை மதியம் 12 மணிக்குள் வேண்டும்."

மூன்றும் நம் போனில் தினமும் வந்து விழும் வாட்ஸ்அப் வரிகள்தான். மூன்றுமே கெடு சொல்வதுபோலத்தான் தெரிகின்றன. ஆனால், முதல் வரி ஒரு நாளைச் சொல்கிறது. அந்த நாள் எப்போது முடிகிறது என்று சொல்லவில்லை. இரண்டாவது அவசரத்தைச் சொல்கிறது, நேரத்தைச் சொல்லவில்லை. மூன்றாவது மட்டும்தான் கடிகாரத்தைக் காட்டுகிறது.

அப்படியானால், எப்போதும் மூன்றாவதையே எழுதிவிட்டால் போதுமா? போதாது. மூன்றுக்கும் தனித்தனி வேலை இருக்கிறது. எந்த இடத்தில் எது என்று முடிவு செய்ய ஒரே ஒரு கேள்வி உதவும். 'நான் சொல்லும் நேரம் தாண்டி ஒரு நிமிடம் ஆனால் என்ன நடக்கும்?' இந்தக் கேள்விக்கான பதிலை ஒவ்வொரு நாளும் பணமாகக் கொடுத்துப் படிக்கும் ஊர் ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. பெரம்பூரில் தொடங்கி ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வரை நீளும் வடசென்னைதான் அது.

ஒரே வீட்டில் மூன்று 'நாள் முடிவு'

பெரம்பூரில் ஒரு சாதாரண குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்பாவுக்கு ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பகல் வேலை. அவருக்கு நாள் முடிவது மாலையில். அண்ணன் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அவருடைய நாள் பல நேரம் இரவு பத்து மணிக்குத்தான் தொடங்கும். தங்கைக்கு ஐ.டி வேலை, கிளையன்ட் இருப்பது நியூயார்க்கில்.

இந்த மூன்று பேரிடமும் "நாள் முடிவதற்குள் அனுப்பு" என்று சொன்னால், மூன்று வெவ்வேறு நேரங்களைச் சொன்னதாக அர்த்தம். அப்பாவுக்கு அது மாலை 5 மணி. அண்ணனுக்கு விடியற்காலை. தங்கையின் கிளையன்ட் 'வெள்ளிக்கிழமை இ.ஓ.டி' என்று எழுதும்போது மனதில் நினைப்பது நியூயார்க்கின் மாலை 5 மணியை. அது கோடைக்காலத்தில் நமக்கு சனிக்கிழமை அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30. வெள்ளி மாலை 6 மணிக்குள் முடிக்க வேண்டுமென்று தங்கை மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டிருப்பார். கிளையன்டோ அப்போதுதான் அன்றைய வேலையை ஆரம்பித்திருப்பார்.

முன்பெல்லாம் 'இன்னிக்குள்ள' என்ற சொல்லுக்கு ஊரே ஒப்புக்கொண்ட ஓர் எல்லை இருந்தது. ஆலைச் சங்கு ஊதினால் ஷிஃப்ட் முடிந்தது. வங்கியின் ஷட்டர் இறங்கினால் அன்றைய பணப் பரிமாற்றம் முடிந்தது. "இன்னிக்குள்ள பணம் போட்டுடறேன்" என்றால், வங்கி மூடுவதற்குள் என்று இரண்டு பக்கமும் புரிந்துகொண்டார்கள். நெஃப்ட் சேவை 2019 டிசம்பர் 16 முதல் 24 மணி நேரமும் இயங்குகிறது, ஆர்.டி.ஜி.எஸ் 2020 டிசம்பர் 14 முதல். இப்போது இரவு 11.58-க்குப் பணம் அனுப்பியவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர்தான். ஆனால், அந்தப் பணத்தை எதிர்பார்த்து மாலை 5 மணிக்கு லோடு ஏற்றக் காத்திருந்தவருக்கு அது உதவாது.

சரி, 'இன்னிக்குள்ள' என்று எங்கே சொல்லலாம்? நம் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அந்த நேரம் தாண்டி ஒரு நிமிடம் ஆனால் என்ன நடக்கும்? 'ஒன்றும் ஆகாது, நாளைக் காலையில் நான் பார்க்கும்போது இருந்தால் சரி' என்பது பதிலானால் தாராளமாகச் சொல்லலாம். ஆனால், அதைவிட நல்லது உண்மையை அப்படியே எழுதிவிடுவது: "நாளை காலை 9.30-க்கு உட்கார்ந்து பார்ப்பேன். அதற்கு முன் வந்தால் போதும்." இதை எழுத சில சொற்கள்தான் கூடுதல். எதிரில் இருப்பவருக்கு ஒரு முழு ராத்திரி மிச்சம்.

'முடிந்தவரை விரைவாக'... தமிழ்நாட்டுக்குத் தெரிந்த கதை

'ஏ.எஸ்.ஏ.பி' என்ற சொல்லின் பலவீனத்தை நாடே கவனித்த ஒரு வழக்கு தமிழ்நாட்டுடையது. அரசியல் சரி, தவறுகளைத் தள்ளிவைத்துவிட்டு, சொல்லை மட்டும் பார்ப்போம்.

சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்புவதாக இருந்தால் எப்போது அனுப்ப வேண்டும்? அரசியலமைப்புச் சட்டத்தின் 200-வது பிரிவு சொல்வது, 'கூடிய விரைவில்' என்பது மட்டுமே. எத்தனை நாள் என்று இல்லை. தமிழ்நாடு சட்டமன்றம் அனுப்பிய மசோதாக்களில் 10, ஒப்புதல் இல்லாமல் 2023 நவம்பரில் திரும்பி வந்தன. அவற்றில் சில ஆண்டுக்கணக்கில் நிலுவையில் இருந்தவை. சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூட்டி, மீண்டும் நிறைவேற்றி அனுப்பியது. பிறகு அவை குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்குப் போயின. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தது.

2025 ஏப்ரல் 8 அன்று இரண்டு நீதிபதிகள் அமர்வு, அந்தத் தெளிவில்லாத சொல்லுக்குள் கடிகாரத்தைப் பொருத்தியது. சூழலைப் பொறுத்து ஒரு மாதம், மூன்று மாதம் என்று ஆளுநருக்குக் காலவரம்பு சொன்னது. இதையொட்டி குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்டார். 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தன் கருத்தைச் சொன்னது. அரசியலமைப்பில் இல்லாத காலவரம்பை நீதிமன்றம் விதிக்க முடியாது. ஆனால், காரணம் சொல்லாமல் காலவரையின்றி இழுத்தடித்தால் நீதிமன்றம் ஓர் எல்லைக்குள் தலையிடலாம் என்பது அதன் சாரம். ஆக, 'கூடிய விரைவில்' என்றால் எத்தனை நாள் என்ற கேள்விக்கு எண்ணாக ஒரு பதில் இன்றைக்கும் இல்லை.

இந்தச் சிக்கலை முன்கூட்டியே ஊகித்தவர்கள் இருந்தார்கள். குடியரசுத் தலைவருக்கு இதேபோன்ற அதிகாரம் தரும் பிரிவின் வரைவில் முதலில் 'ஆறு வாரங்களுக்கு மேற்படாமல்' என்றுதான் இருந்தது. 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் அதை எடுத்துவிட்டு, 'கூடிய விரைவில்' என்று மாற்றும் திருத்தத்தை அம்பேத்கர் கொண்டுவந்தார். உறுப்பினர் எச்.வி.காமத் அதை எதிர்த்துப் பேசினார். மாற்றியவர்களின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 'ஆறு வாரம்' என்று எழுதிவிட்டால், இரண்டே நாளில் முடியும் வேலையும் ஆறாவது வாரம்வரை உட்கார்ந்திருக்கும் ஆபத்து இருக்கிறதே! நம் ஆபீஸ்களில் '30-ம் தேதி' என்று சொன்ன வேலை 29-ம் தேதி ராத்திரிதான் தொடங்கும் என்பது நமக்குத் தெரியாதா என்ன?

இந்த இரண்டு ஆபத்துக்கும் சேர்த்து மருந்து எழுதிய சட்டம் ஒன்று நம்மிடமே இருக்கிறது. 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதன் 7-வது பிரிவு தகவலை எப்போது தர வேண்டும் என்று சொல்லும் விதத்தைப் பாருங்கள்: முடிந்தவரை விரைவாக, எப்படியானாலும் 30 நாட்களுக்குள். ஓர் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்துக்குள். 'விரைவாக' என்ற சொல் வேகத்தைக் கேட்கிறது; '30 நாள்' என்ற எண் எல்லையைக் கட்டுகிறது. ஒன்று மற்றொன்றின் ஓட்டையை அடைக்கிறது.

நம் மெசேஜுக்கும் இதே அச்சுதான். "ஏ.எஸ்.ஏ.பி" என்று மட்டும் அனுப்பாமல், "முடிந்தால் இன்றே அனுப்புங்கள், எப்படியானாலும் புதன் காலை 11 மணிக்குள் வேண்டும்" என்று எழுதலாம்.

'உடனே' என்பதே சரியான சொல்லாக இருக்கும் நேரமும் உண்டு. தாண்டும் ஒவ்வொரு நிமிடமும் நிலைமை மோசமாகும் என்றால், மணி குறிப்பதுதான் தவறு. கேஸ் கசிகிறது, மெஷின் நின்றுவிட்டது, தவறான விலைப்பட்டியல் வாடிக்கையாளருக்குப் போய்விட்டது என்றால் "4 மணிக்குள் பாருங்க" என்று எழுத மாட்டோம். "கையில் இருக்கும் வேலையை நிறுத்திட்டு இதைப் பாருங்க. 3 மணிக்கு எந்த நிலையில் இருக்குன்னு சொல்லுங்க" என்போம். இங்கே நாம் குறிப்பது வேலை முடியும் நேரம் அல்ல, அடுத்த தகவல் வரும் நேரம். எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாத வேலைக்கு அதுதான் நியாயமான கெடு.

கதவு மூடும் நேரம்

இப்போது மூன்றாவது வகை. நேரம் தாண்டி ஒரு நிமிடம் ஆனால் ஏதோ ஒரு கதவு மூடிவிடும் என்றால், தேதியும் மணியும் தவிர வேறு எதுவும் உதவாது. வடசென்னையின் வாழ்க்கையே இந்தக் கதவைச் சுற்றித்தான். ராயபுரம் பக்கம் ஜீரோ கேட்டை நோக்கி வரிசைகட்டும் கன்டெய்னர் லாரிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு 'கட்-ஆஃப்' நேரம் இருக்கிறது.

அதில் ஒரு கட்-ஆஃபை மட்டும் எடுத்துக்கொள்வோம். கப்பலில் ஏற்றும் ஒவ்வொரு ஏற்றுமதி கன்டெய்னருக்கும், சரக்கோடு சேர்த்து மொத்த எடை எவ்வளவு என்று சரிபார்த்து அறிவிக்க வேண்டும். இதை 'வி.ஜி.எம்' என்பார்கள். கடல் பாதுகாப்புக்கான உலக ஒப்பந்தமான 'சோலாஸ்', 2016 ஜூலை 1 முதல் இதைக் கட்டாயமாக்கியது. எந்தப் பெட்டியை அடியில் வைப்பது, எதை மேலே அடுக்குவது என்று கப்பலில் திட்டம் போட இந்த எடை வேண்டும். எடை தெரியாத பெட்டியை ஏற்றக் கூடாது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், சோலாஸ் விதி மணி எதையும் சொல்லவில்லை. அடுக்கும் திட்டத்துக்குப் பயன்படும்படி, கப்பல் தரப்பு கேட்கிறபடி, 'போதுமான அளவு முன்கூட்டியே' எடையைத் தர வேண்டும் என்றுதான் சொல்கிறது. உலகத்தின் எல்லாத் துறைமுகத்துக்கும் ஒரே மணியை எழுத முடியாது என்பதால், அந்த இடத்தில் பொதுச்சொல் சரி. ஆனால், அந்தச் சொல் கப்பல் கம்பெனியின் கைக்கு வந்ததும் 'வெள்ளிக்கிழமை பகல் 12 மணி' என்று மாறிவிடுகிறது. ஏனென்றால், பெட்டியை நகர்த்துபவருக்கு 'போதுமான அளவு' என்பதை வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது.

இந்த நேரம் கீழே இறங்கும்போது எங்கே உடைகிறது? ஓர் உதாரணத்தை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். பெரம்பூரில் ஒரு சிறிய ஏற்றுமதி அலுவலகம், மாதவரத்தில் அவர்களுடைய தோல்பொருள் பட்டறை. கப்பல் சனிக்கிழமை. வி.ஜி.எம் கட்-ஆஃப் வெள்ளி பகல் 12 மணி. கன்டெய்னர் துறைமுகத்துக்குள் நுழைய வேண்டிய கடைசி நேரம் வெள்ளி மாலை 6 மணி.

வியாழக்கிழமை காலையில் முதலாளி, பட்டறை சூப்பர்வைசருக்கு எழுதுகிறார்: "அண்ணே, எடைச்சீட்டை நாளைக்குள்ள அனுப்பிடுங்க." சூப்பர்வைசருக்கு மதியம் 2 மணி ஷிஃப்ட். வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்து, மற்ற வேலைகளை முடித்துவிட்டு, இரவு 7.30-க்கு எடைச்சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார். அவர் சொன்ன சொல்லை மீறவே இல்லை. 'நாளைக்குள்ள' என்றார்கள், நாளைக்குள் அனுப்பிவிட்டார். ஆனால், 12 மணிக்கே கதவு மூடிவிட்டது. லாரி 6 மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாலும் பயனில்லை. பெட்டி அடுத்த கப்பலுக்குத் தள்ளப்படும். அதுவரை யார்டில் கிடப்பதற்கு வாடகை ஏறும். வெளிநாட்டில் வாங்குபவருக்குச் சொன்ன தேதியும் போகும்.

இதையே திருப்பிக் கணக்கு போடுவோம். கதவு மூடுவது பகல் 12. எடையைக் கப்பல் கம்பெனியின் தளத்தில் பதிவு செய்பவர் கிளியரிங் ஏஜென்ட். அவர் கையில் பல பெட்டிகள் இருக்கும். அவருக்கு ஒரு மணி நேரம் கொடுக்கலாம். அப்படியானால் 11 மணி. சீட்டில் கன்டெய்னர் எண் தெளிவாக இல்லை, கூட்டலில் தவறு என்றால் மறுபடி பார்க்க இரண்டு மணி நேரம். ஆக, 9 மணி. மதிய ஷிஃப்ட் சூப்பர்வைசர் காலை 9 மணிக்கு இருக்க மாட்டார் என்பதால், அவரே வியாழன் இரவு அனுப்ப வேண்டும், அல்லது காலை ஷிஃப்ட்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு மெசேஜ் இப்படி இருக்கும்:

"அண்ணே, எடைச்சீட்டு எனக்கு வெள்ளி காலை 9 மணிக்குள்ள வேணும். கப்பல் கம்பெனி 12 மணிக்கு மூடிடும். 9-க்கு முடியாதுன்னு தோணுச்சுன்னா, இன்னிக்கு ராத்திரி 8 மணிக்குள்ள ஒரு போன் பண்ணிடுங்க."

இதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, வேண்டிய நேரம். இரண்டாவது, அந்த நேரத்துக்கான காரணம். காரணத்தைச் சொன்னால் 9.10-க்கு அனுப்பலாமா, கூடாதா என்று அவரே முடிவெடுக்க முடியும். நிஜக் கெடுவை மறைத்து '9 மணிக்கு மேல் முடியவே முடியாது' என்று சொன்னால், 9.05-க்கு 'இனிமேல் எதற்கு' என்று விட்டுவிடவும் வாய்ப்புண்டு. மூன்றாவது, முடியாது என்பதைச் சொல்ல ஒரு நேரம். கெடு தவறுவதைவிட, தவறப்போகிறது என்று தெரியாமல் இருப்பதுதான் பெரிய நஷ்டம்.

கப்பல் தொழிலில் 'எப்போது' என்பதை இவ்வளவு நுணுக்கமாக எழுதுவது புதிதல்ல. கப்பலை வாடகைக்கு எடுக்க உலகெங்கும் பயன்படும் 'ஜென்கான் 1994' என்ற ஒப்பந்தப் படிவம் இருக்கிறது. 'கப்பல் தயார்' என்ற அறிவிப்பு பகல் 12 மணி வரைக்கும் தரப்பட்டால், சரக்கு ஏற்றி இறக்கும் நேரக் கணக்கு அன்றைக்கே 1 மணிக்குத் தொடங்கும். 12-க்குப் பிறகு, அலுவலக நேரத்துக்குள் தரப்பட்டால், அடுத்த வேலைநாள் காலை 6 மணிக்குத்தான் தொடங்கும். 'நண்பகலுக்கு முன்', 'மறுநாள்' என்று பொதுவாக விட்டிருந்தால் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சண்டை வந்திருக்கும்.

தேதி போட்டாலும் வரும் குழப்பம்

தேதியும் மணியும் எழுதிவிட்டால் எல்லாம் தெளிவு என்று நினைக்க வேண்டாம். நம் பேச்சு வழக்கிலேயே சில குழிகள் இருக்கின்றன.

முதல் குழி, இரவு 12 மணி. '10-ம் தேதி இரவு 12 மணிக்குள்' என்றால் 10-ம் தேதி தொடங்கும் 12 மணியா, முடியும் 12 மணியா? ரயில் டிக்கெட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும். இரவு 12.20-க்குப் புறப்படும் ரயிலுக்கு 10-ம் தேதி டிக்கெட் என்றால், 9-ம் தேதி ராத்திரியே சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும். 10-ம் தேதி ராத்திரி போனால் ரயில் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். 'இரவு 11.59' என்று எழுதினால் இந்தச் சந்தேகமே வராது.

இரண்டாவது குழி, நம் 'க்குள்'. '15-ம் தேதிக்குள்' என்றால் சிலருக்கு 15-ம் தேதி சேர்த்தி. சிலருக்கு 14-ம் தேதியோடு முடிந்தது. '15-ம் தேதி மாலை 5 மணி வரை' என்று எழுதினால் இரண்டு பேருக்கும் ஒரே அர்த்தம்தான். 'வர்ற வெள்ளி', 'அடுத்த வெள்ளி' இரண்டும் அப்படித்தான். பக்கத்தில் தேதியைப் போட்டுவிடுங்கள்.

மூன்றாவது குழி, நாள் எண்ணுவது. 'நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாட்களுக்குள்' என்று இருந்தால் கிடைத்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டுமா? மத்திய சட்டங்களைப் படிப்பதற்கான 1897-ம் ஆண்டின் பொது விதிகள் சட்டம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. 'இலிருந்து' என்று வந்தால் முதல் நாளை விட்டுவிட வேண்டும். ஜூன் 1 அன்று கிடைத்தால் கடைசி நாள் ஜூன் 16. அன்றைக்கு அந்த அலுவலகம் விடுமுறை என்றால், அடுத்துத் திறக்கும் நாளில் கொடுத்தாலும் செல்லும். ஆனால், உங்கள் வாடகை ஒப்பந்தத்துக்கும் ஆபீஸ் மெயிலுக்கும் இந்தப் பாதுகாப்பு தானாக வராது. அங்கே 'ஜூன் 16, திங்கள், மாலை 5 மணி' என்று கிழமையோடு எழுதுவதுதான் வழி. கிழமையும் தேதியும் பொருந்தவில்லை என்றால், படிப்பவர் உடனே கேட்டுவிடுவார். அதுவே ஒரு சோதனை.

கேட்டு வாங்கலாம்

கெடு சொல்பவர் தெளிவாகச் சொல்லாவிட்டால் என்ன செய்வது? மேலதிகாரியிடம் "எத்தனை மணிக்கு?" என்று கேட்கப் பலருக்குத் தயக்கம். ஒரு நேரத்தை நாமே வைத்துக் கேட்டால் அது எதிர்க்கேள்வியாகத் தெரியாது. "சார், இதை நாளை காலை 10 மணிக்கு அனுப்பறேன். அதுக்கு முன்னாடி வேணும்னா சொல்லுங்க, இப்ப பண்ற ரிப்போர்ட்டைத் தள்ளி வெச்சுட்டுப் பண்ணிடறேன்." இதற்கு "சரி" என்று பதில் வந்தால் கெடு உறுதியாகிவிட்டது. "இல்ல, இப்பவே" என்று வந்தால், எது தள்ளிப்போகும் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

கெடு கொடுப்பவருக்கும் ஒரு வார்த்தை. எல்லாவற்றுக்கும் மணி குறிக்க வேண்டியதில்லை. மாலை 4 மணிக்குள் என்று அவசரப்படுத்தி வாங்கிய ஃபைலை இரண்டு நாள் கழித்துத் திறந்தால், அடுத்த முறை நீங்கள் சொல்லும் 4 மணிக்கு மதிப்பு இருக்காது. மூடும் கதவு ஏதும் இல்லாத வேலைக்கு, "அவசரம் இல்ல, 20-ம் தேதி வரை டைம் இருக்கு" என்று சொல்லிவிடுவதும் தெளிவான கெடுதான்.